உலை ஒன்று, அளவு வேறு

சர்க்கரை நோயுள்ள முதியவர் இருக்கும் பல தமிழ் வீடுகளில் இரவு ஏழரை மணிக்குத் தனியாக ஒரு சமையல் தொடங்குகிறது. மற்றவர்களுக்குத் தோசை, பாட்டிக்கு மட்டும் மூன்று சப்பாத்தி. அலுவலகத்திலிருந்து வந்த களைப்போடு மருமகள் மாவு பிசைந்து, தேய்த்து, சுட்டு வைக்கிறார். பாட்டி அதைக் குருமாவில் ஊறவைத்து, இருக்கிற நான்கு பல்லால் மெல்லப் பார்த்து, முக்கால்வாசியை ஒதுக்கிவிட்டு எழுந்திருக்கிறார். பத்து மணிக்குப் பசிக்கிறது. அடுக்களையில் ரஸ்க் டப்பா திறக்கும் சத்தம் கேட்கிறது. மறுநாள் காலை ரத்தப் பரிசோதனையில் எண் ஏறியிருந்தால் பழி பாட்டி மேலோ மருமகள் மேலோ விழுகிறது. சப்பாத்தியை மட்டும் யாரும் சந்தேகிப்பதில்லை.

சந்தேகிக்க வேண்டும். நடுத்தரச் சப்பாத்தி ஒன்றுக்கு ஏறக்குறைய 25 கிராம் மாவு போகிறது. அதில் மாவுச்சத்து 18 கிராம் அளவுக்கு இருக்கும். மூன்று சப்பாத்தி என்றால் 54 கிராம். மட்டமாக அளந்த ஒரு கிண்ணம் சோறு, அதாவது 150 கிராம், 42 கிராம் மாவுச்சத்தைத்தான் தருகிறது. கோதுமையில் நார்ச்சத்து கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை. ஆனால் சோற்றைச் சப்பாத்தியாக மாற்றிய மாத்திரத்தில் சர்க்கரை இறங்கிவிடாது. இதே கருத்தைத்தான் சென்னையை மையமாகக் கொண்டு நடக்கும் ஐசிஎம்ஆர்–இந்தியாப் ஆய்வும் 2025-இல் வெளியிட்ட உணவுக் கணக்கில் சொன்னது. நம் நாட்டவர் உண்ணும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது; மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ வைத்துக்கொள்வதால் நோய் வாய்ப்பு குறையவில்லை என்பது அதன் முடிவு. பாட்டிக்கென்று தனியாக எரிகிற அந்த இரவு அடுப்பு, பெரும்பாலும் வீண் உழைப்பு.

அப்படியானால் என்ன செய்வது? இந்தக் கட்டுரை முன்வைக்கும் யோசனை எளியது: தனிச் சமையலை நிறுத்துவோம், பொதுச் சமையலை மாற்றுவோம். ஒரே உலை, ஒரே குழம்பு, ஒரே பொரியல். தட்டுக்குத் தட்டு மாறுவது அளவு மட்டுமே. இது பாட்டிக்காக மற்றவர்கள் செய்யும் தியாகமும் அல்ல. 2023-இல் இதே ஆய்வு வெளியிட்ட கணக்கின்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பெற்றோருக்கு இந்த நோய் இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம். பாட்டியின் எதிரே உட்கார்ந்து சோற்றைக் குவித்துச் சாப்பிடும் நாற்பத்தைந்து வயது மகன், தன் பத்தாண்டுக்குப் பிந்தைய தட்டைத்தான் எதிரில் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மாற்றம் தொடங்க வேண்டிய இடம் மதியச் சாப்பாடு. அங்கேதான் கணக்கு பெரிது. ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். எழுபத்திரண்டு வயது அம்மா, மகன், மருமகள், கல்லூரிக்குப் போகும் பேத்தி, பத்தாவது படிக்கும் பேரன். ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேருக்கும் சேர்த்து நான்கு ஆழாக்கு அரிசி வைக்கிறார்கள். ஓர் ஆழாக்கு சுமார் 140 கிராம். நான்கும் சேர்ந்து 560 கிராம் அரிசி. அதில் மாவுச்சத்து 440 கிராமுக்குக் குறையாது. சமமாகப் பிரித்தால் தலைக்கு 88 கிராம். காயோ அரைக் கிலோ பீன்ஸ். நாரும் நுனியும் கிள்ளி வதக்கினால் ஆளுக்கு இரண்டு கரண்டி வரும். சாம்பாரில் பருப்பு ஒரு கைப்பிடி. ஆக, தட்டில் முக்கால் பங்கு சோறு, மிச்சம் எல்லாம் அதற்குத் தொட்டுக்கொள்ள. வறுமையால் இப்படி ஆகவில்லை. எத்தனையோ வசதியான வீடுகளிலும் தட்டு இப்படித்தான் இருக்கிறது.

நம் சாப்பாட்டின் அமைப்பே இதற்குத் துணைபோகிறது. சாம்பாருக்கு ஒரு முறை சோறு, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் "கொஞ்சம்தான் போட்டேன்" என்று தோன்றும். மூன்று கொஞ்சம் சேர்ந்து இரண்டு கிண்ணத்தைத் தாண்டிவிடும். வயதானவர்களிடம் போய் "இனிமேல் ரசம் சோறு கிடையாது, மோர் சோறு கிடையாது" என்று சொன்னால் அது நடக்காது, நடக்கவும் கூடாது. எழுபது வருடமாக மோரில் முடிந்த சாப்பாட்டை அப்படிப் பாதியில் நிறுத்தச் சொல்வது கொடுமை. செய்ய வேண்டியது வேறு. சோற்றை முதலிலேயே ஒரு கிண்ணத்தில் அளந்து அம்மாவின் தட்டருகே வைத்துவிட வேண்டும். அந்த ஒரு கிண்ணம்தான் மூன்று சுற்றுக்கும். சாம்பாருக்குப் பாதி, ரசத்துக்குக் கால், மோருக்குக் கால் என்று அவரே பிரித்துக்கொள்வார். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடிப்பது பலருக்குப் பிடிக்கும், மோரும் அப்படியே. மூன்று சுவையும் உண்டு, மூன்று மடங்கு சோறு இல்லை.

சோறு குறைந்த இடத்தை எது நிரப்புவது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சோற்றை மட்டும் குறைத்த வீடுகளில்தான் ரஸ்க் டப்பா திறக்கிறது. முதியவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வயதாக ஆகத் தசை கரையும். சோற்றைப் பாதியாக்கிவிட்டு ஈடாகப் புரதம் எதுவும் வைக்காவிட்டால் சர்க்கரையோடு உடம்பும் இறங்கும். கால் வலுவிழக்கும், விழுவார்கள், இடுப்பெலும்பு முறியும். ஆகவே நம் வீட்டு மதியத்தை இப்படி மாற்றிப் பார்க்கலாம். அரிசி நான்கு ஆழாக்கிலிருந்து மூன்று. காய் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ: புடலங்காய்க் கூட்டு ஒன்று, கொத்தவரங்காய்ப் பொரியல் ஒன்று, அல்லது சுரைக்காயும் முருங்கைக்கீரையும். சாம்பாரில் பருப்பு ஒன்றரைப் பங்கு, தண்ணீர் குறைவு. கூடவே ஆளுக்கொரு முட்டையோ, மீன் துண்டோ, ஒரு கிண்ணம் பாசிப்பயறுச் சுண்டலோ. உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, மரவள்ளி, வாழைக்காய் செய்கிற நாளில் அவற்றைக் காயாகக் கணக்கிடாமல் சோற்றோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். உருளை வறுவல் இருந்தால் சோறு இன்னும் கால் கிண்ணம் குறையட்டும்.

இதில் யாருக்கும் தனியாக எதுவும் சமைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பத்தாவது படிக்கும் பையன் வளரும் பிள்ளை. மாலையில் கால்பந்து ஆடுகிறான். அவன் இரண்டு கிண்ணம் சோறு சாப்பிடட்டும். அவனுக்கு அளவுக் கிண்ணம் தேவையில்லை. அம்மாவுக்கு ஒரு கிண்ணம். மகனுக்கும் மருமகளுக்கும் ஒன்றோ ஒன்றரையோ. கூட்டும் பொரியலும் எல்லோருக்கும் ஒன்றுதான். "இது அம்மாவுக்கு, அதைத் தொடாதே" என்ற பேச்சு அந்த வீட்டில் எழாது. நோயாளிக்குத் தனித்தட்டு வைக்கும்போது எழுகிற அந்த மெல்லிய அவமானம், இத்தனை வருடம் ஊருக்கே பரிமாறியவர் இப்போது தனக்கென்று சுடப்பட்ட ஏதோ ஒன்றை ஓரமாக உட்கார்ந்து உண்பது, மருத்துவர் எழுதிக் கொடுத்த எந்தச் சீட்டிலும் இல்லை. நாமாக உண்டாக்கிக்கொண்டது அது.

பரிமாறும் வரிசையும் முக்கியம். நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2015-இல் சர்க்கரை நோயாளிகள் சிலரிடம் ஒரு சிறு சோதனை செய்தார்கள். அதே சாப்பாடு, அதே அளவு. ஒரு நாள் மாவுச்சத்தை முதலில் கொடுத்தார்கள். இன்னொரு நாள் காய்கறியையும் புரதத்தையும் முதலில் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மாவுச்சத்தைக் கொடுத்தார்கள். இரண்டாவது முறையில் சாப்பாட்டுக்குப் பின் ரத்தச் சர்க்கரையின் ஏற்றம் தெளிவாகக் குறைந்தது. நமக்கு இது ஒன்றும் அந்நியமான முறை அல்ல. இலை போட்டதும் மேல்பாதியில் கூட்டும் பொரியலும் பச்சடியும் வந்துவிடுகின்றன. சோறு கடைசியில்தான் வருகிறது. நாம்தான் சோறு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறோம். காத்திருக்காமல் மேல்பாதியில் ஆரம்பித்தால் போதும். வீட்டில் இதற்கு ஒரே ஓர் ஏற்பாடு வேண்டும்: சோற்றுப் பாத்திரம் ஐந்து பத்து நிமிடம் தாமதமாக மேசைக்கு வரட்டும்.

மெல்ல முடியாதவர்களுக்குப் பச்சைக் காய்கறி சாலட் வைத்துவிட்டு "சாப்பிட மாட்டேன் என்கிறார்" என்று குறைப்பட்டுப் பயனில்லை. கீரையை மசியலாக, சுரைக்காயைக் கூட்டாக, வாழைத்தண்டைப் பொடியாக நறுக்கிப் பருப்போடு வேகவைத்து வையுங்கள். ஓர் எச்சரிக்கை: சிறுநீரகமும் பாதிக்கப்பட்டவராக இருந்தால் கீரை, பருப்பு, பழம் எவ்வளவு என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஏற்ற தட்டு இவருக்கு ஏற்காமல் போகலாம்.

காலை இட்லியில் கணக்கு இன்னும் எளிது. சின்ன இட்லி ஒன்றில் ஏறக்குறைய 10 கிராம் மாவுச்சத்து. நான்கை மூன்றாக்கி, சாம்பாரைக் காய் நிறைந்ததாக்கி, ஒரு முட்டையோ சுண்டலோ சேர்த்தால் முடிந்தது. கேழ்வரகுக் கஞ்சியையும் ஓட்ஸ் கஞ்சியையும் சர்க்கரைக்கு மருந்து என்று நினைப்பவர்கள் அதிகம். நன்றாக அரைத்து, நீர்க்கக் காய்ச்சி, டம்ளரில் குடித்தால் அது விரைவாகச் செரித்து விரைவாகவே சர்க்கரையை ஏற்றும். பனை வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாவற்றுக்கும் இதே தீர்ப்புதான்: மணம் வேறு, ரத்தத்தில் செய்கிற வேலை ஒன்று. மாரி பிஸ்கட் நோயாளிக்கானது என்று எப்படியோ பெயர் வாங்கிவிட்டது. நான்கு மாரி பிஸ்கட்டில் இரண்டு இட்லியின் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் அதுவே 25 முதல் 30 கிராம். வீடு முழுவதும் இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, இரண்டு வாரம் கழித்து ஒன்றாக்கினால் நாக்கு எதிர்ப்புத் தெரிவிக்காமல் பழகிக்கொள்ளும்.

இப்போது எல்லோரும் மறந்துவிடுகிற, ஆனால் மறக்கவே கூடாத பகுதி. நம் எடுத்துக்காட்டு வீட்டு அம்மா மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு மாத்திரையும் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பல சர்க்கரை நோயாளிகளின் மருந்துச் சீட்டில் இந்த ஜோடியோ இதற்கு நெருக்கமான ஒன்றோ இருக்கும். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்வது அரிது. கிளிமிபிரைடு அப்படியல்ல. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினை வெளியேற்றும். சாப்பாடு எவ்வளவு வந்தது என்று பார்த்துக்கொண்டு அது வேலை செய்வதில்லை. இரண்டு கிண்ணம் சோறு சாப்பிடுகிற காலத்தில் எழுதப்பட்ட மாத்திரை, ஒரு கிண்ணம் சாப்பிடுகிற காலத்திலும் அதே வேகத்தில் வேலை செய்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதுவே பொருந்தும். ஆகவே தட்டை மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: "அடுத்த வாரத்திலிருந்து அம்மாவுக்குச் சோற்றைப் பாதியாக்கப் போகிறோம், மாத்திரை அளவைப் பாருங்கள்." இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் உணவு மாற்றம், முதியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்.

சர்க்கரை தாழ்வதை இளைஞர்களிடம் கண்டுபிடிப்பது சுலபம்: வியர்வை, நடுக்கம், படபடப்பு. முதியவர்களிடம் அது வேறு முகம் காட்டும். பேச்சு குழறும், எரிச்சல் வரும், பேரன் பெயரை மாற்றிச் சொல்வார், நடக்கும்போது தள்ளாடுவார், காரணமில்லாமல் தூங்கி வழிவார். "வயசாச்சு, புத்தி தடுமாறுது" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். இப்படி ஏதாவது தெரிந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். கருவி கையில் இல்லாவிட்டால் தாழ்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டே செயல்பட வேண்டும். சுயநினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். 70-க்கு மேல் ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் சாப்பாடு. வோக்ளிபோஸ் மாத்திரை எடுப்பவராக இருந்தால் சாதாரணச் சர்க்கரை மெதுவாகத்தான் வேலை செய்யும். அந்த மருந்து சர்க்கரை உடைவதையே தடுக்கிறது. அவர்களுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள்.

ஆக, இந்த வீட்டில் இரண்டு விதி கட்டாயம். மாத்திரை போட்டுவிட்டால் சாப்பாடு தாமதமாகக் கூடாது. விருந்தாளி வரட்டும், மகன் வரட்டும், எல்லோரும் சேர்ந்து உண்ணலாம் என்று அம்மாவைக் காக்க வைக்கிற பாசம் ஆபத்தானது. சேர்ந்து உண்பது என்றால் அம்மாவின் நேரத்துக்கு மற்றவர்கள் வருவதே. இரண்டாவது, விரதமோ வாந்தியோ பசியின்மையோ வந்த நாளில் மாத்திரையை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பது. ஏகாதசிக்கும் அமாவாசைக்கும் விரதம் இருக்கிற வீட்டில் இது தவறாமல் வேண்டும்.

மாற்றம் பலன் தருகிறதா என்பதைக் கண்டுபிடிக்க ஊகம் தேவையில்லை. வாரத்தில் இரண்டு நாள், மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை விரல் நுனியில் பாருங்கள். எண்களைவிட இரண்டுக்கும் இடைப்பட்ட ஏற்றமே சொல்லும் செய்தி. எடுத்துக்காட்டாக, பழைய தட்டில் 140 என்பது 260 ஆகிறது, புதிய தட்டில் 140 என்பது 185 ஆகிறது என்றால் அந்தத் தட்டு வேலை செய்கிறது. ஏற்றம் குறையவில்லை என்றால் சமையலைக் குறை சொல்வதற்கு முன் கிண்ணத்தைப் பாருங்கள். சோறு கோபுரமாக ஏறியிருக்கும். அல்லது பதினொரு மணிக்கு யாரோ வாழைப்பழம் கொடுத்திருப்பார்கள். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் கூடத்திலேயே நடந்தாலும் ஏற்றம் இன்னும் தணியும். விழுந்துவிடும் அச்சம் இருந்தால் கைபிடித்து ஒருவர் உடன் நடக்கட்டும்.

இங்கே பிள்ளைகளுக்கு ஒரு கட்டுப்பாடு சொல்ல வேண்டியிருக்கிறது. முதியவர்களின் எண்ணை நாற்பது வயதுக்காரரின் எண்ணாக்க முயலாதீர்கள். எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையில், நல்ல உடல்நிலையில் உள்ள முதியவருக்கு 7 முதல் 7.5-க்குள் இருந்தால் போதும். பல நோய்களும் தளர்ச்சியும் உள்ளவருக்கு 8 வரை அனுமதிக்கலாம் என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கம் உள்ளிட்டோரின் வழிகாட்டுதல். காரணம் வெளிப்படை: எண்பது வயதில் சர்க்கரை தாழ்ந்து கீழே விழுவது, சற்று உயர்ந்திருப்பதைவிட உடனடி ஆபத்து. இந்தத் தளர்வு நமக்கு ஒரு சலுகையும் தருகிறது. பொங்கலன்று அம்மா சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிடலாம். சாப்பாட்டோடு சேர்த்து, காய்க்குப் பிறகு, இரண்டு கரண்டி. அதற்கு ஈடாக அன்றைய சோற்றில் அரைக் கிண்ணம் குறைவு. தனியாகச் சர்க்கரையில்லாப் பலகாரம் வாங்கி அவர் கையில் திணிப்பதைவிட இது மரியாதை. ஒளித்து வைத்து உண்ணும் பழக்கமும் இப்படித்தான் விலகும். தலையணைக்கடியில் வெல்லக்கட்டி கண்டெடுத்த வீடுகளில், அதற்கு முன்னால் யாராவது கண்காணிப்பாளராக மாறியிருப்பார்கள்.

சரி, ஒரு கிலோ காயை யார் நறுக்குவது? இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு எழுதப்படும் ஆரோக்கிய உணவுக் கட்டுரைகள் எல்லாம் ஒரே ஒருவர் தலையில் பாரத்தை ஏற்றுகின்றன. பொதுச் சமையல் என்பதால் தனிச் சப்பாத்தி வேலை போய்விட்டது, உண்மை. ஆனால் கொத்தவரங்காய் கிள்ளுவதும் கீரை ஆய்வதும் புது வேலை. அதுவும் மருமகளின் கணக்கில் சேர்ந்தால் இந்த ஏற்பாடு ஒரு மாதம்கூடத் தாங்காது. ஆகவே உடன்பாடு வீட்டார் அனைவரும் உட்கார்ந்து செய்ய வேண்டியது. மகன் காய் வாங்கட்டும். இரவு செய்தி பார்த்துக்கொண்டே மறுநாளைக்கு நறுக்கட்டும். கீரையை ஆய அம்மாவைவிடச் சிறந்தவர் யார்? அவருக்கும் அது பொழுது. பேரன் குளுக்கோமீட்டரைக் கையாளவும் எண்ணை எழுதவும் பொறுப்பேற்கட்டும். பேத்தி பாசிப்பயற்றை ஊறவைப்பதை ஏற்கட்டும். சமைப்பவர் சமைப்பதை மட்டும் செய்யட்டும். அம்மாவின் எண் ஏறினால் கேள்வி கேட்கப்படுபவர் ஒருவராக இருக்கக் கூடாது. அதற்கும் இதுவே வழி.

செலவைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். காய் இருமடங்கானால் பை கனக்கும், பணமும் போகும். சுரை, பூசணி, வாழைத்தண்டு, முருங்கைக்கீரை எல்லாம் பெரும்பாலும் மலிவு. பீன்ஸும் காலிஃபிளவரும்தான் காய் என்ற எண்ணத்தை விட வேண்டும். ரேஷன் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அரிசி கார்டுக்காரர்களுக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ஏழை வீட்டுத் தட்டில் அரிசி மலிவாகவும் காய் விலை உயர்ந்ததாகவும் இருக்கும் வரை, தட்டில் சோறு மிகுவதை அந்த வீட்டின் அறியாமை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ பருப்பு என்பதை இரண்டாக்குவது, அம்மாக்களின் ரத்தச் சர்க்கரைக்கு அரசு செய்யக்கூடிய நேரடி உதவி. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. மாத்திரையோடு வருகிற அந்தப் பணியாளர், "போன மாசத்துக்கு இப்போ சாப்பாடு குறைஞ்சிருக்காம்மா? மயக்கம் ஏதாவது வந்ததா?" என்று இரண்டு கேள்வி கேட்டால் பல விபத்துகளைத் தடுக்கலாம். அதற்குத் தனி நிதி வேண்டாம், பயிற்சியில் ஒரு பாடம் போதும்.

வீட்டுக்கு வெளியே நாமும் இருக்கிறோம். கல்யாணப் பந்தியில் முதியவர் "போதும்" என்று கையை இலைக்குக் குறுக்கே நீட்டிய பிறகும், விரலிடுக்கு வழியாகச் சோற்றைத் தள்ளுவதை உபசாரம் என்று எண்ணுகிறோம். அதை நிறுத்தலாம். பந்தியில் சோற்றுக்கு முன் கூட்டு, பொரியல், சுண்டல் ஆகியவற்றை இன்னொரு சுற்று வரச் சொல்லலாம். சமையல்காரருக்கு அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. முதியோர் பந்தி முதல் பந்தியாக, அவர்களின் மாத்திரை நேரத்துக்கு நடக்கட்டும். துக்க வீட்டுக்கோ உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கவோ போகும்போது ஹார்லிக்ஸும் ரொட்டியும் ஆறு ஆப்பிளும் வாங்கிப்போகும் வழக்கத்துக்குப் பதில் இரண்டு கட்டுக் கீரை, ஒரு டஜன் முட்டை, கால் கிலோ நிலக்கடலை எடுத்துப்போகலாம். சிரிப்பார்கள். சில முறைக்குப் பின் சிரிக்க மாட்டார்கள்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பராமரிப்பு என்பதற்குள் உணவையும் மருத்துவத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறது. சட்டம் அதற்கு மேல் போகாது. உணவு எத்தனை மணிக்கு, எந்த அளவில், யாரோடு உட்கார்ந்து என்பது வீட்டார் முடிவு செய்ய வேண்டியது. இந்த ஞாயிறு மதியம் அரிசியில் ஓர் ஆழாக்கைக் குறையுங்கள், காயில் அரைக் கிலோவைக் கூட்டுங்கள். அதற்கு முன் மருத்துவரை ஒரு முறை அழையுங்கள். மாத்திரையின் அளவு தெரிந்த பிறகே கிண்ணத்தின் அளவு.